உம்மாவைக் கொன்ற துணைத்தலைப்பு

மன்னார்க் கரையில், முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற கொண்டச்சியில், ஒரு வீட்டில் அண்மையில் 'முத்து' (1995) படம் பார்த்தேன். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்தபின் ஊர் திரும்பிய முஸ்லிம் குடும்பம் அது. இலண்டனிலிருந்து வந்திருந்த பேரனுக்காக ஆங்கிலத் துணைத்தலைப்பும் ஓடிக்கொண்டிருந்தது.

கேரளக் காட்சியில் மலையாளத்தில் 'உம்மா' கேட்கும் வேடிக்கை வந்தது. மலையாளத்தில் அது முத்தம்; அந்த வீட்டிலோ உம்மா என்றால் தாய். "உம்மாவையா கேட்கிறான்?" என்று மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பேரன் சிரிக்கவில்லை. 'முத்தம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, வேடிக்கையின் உயிரை வசனம் முடியுமுன்பே துணைத்தலைப்பு எடுத்துவிட்டது. சொந்தப் பாட்டியின் சிரிப்பு அவனுக்கு அந்நியமாயிற்று.

அக்காட்சியின் நகைச்சுவை மொழியறியாமையில் பிறப்பது. மலையாளம் தெரியாத தமிழ் ரசிகருக்குத் திரையரங்கில் யாரும் பொருள் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த அறியாமையை வெளிநாட்டவருக்கு மறுப்பது எவ்வகை நேர்மை?

இடமில்லை என்பார்கள். துணைத்தலைப்புக்கு இரண்டு வரிகள், வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்துகள், அதிகம் போனால் ஆறு வினாடிகள், உண்மைதான். அதனால்தான் அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதுவதையும் எதிர்க்கிறேன்: படித்து முடிப்பதற்குள் நடிகரின் முகம் மாறிவிடும். ஆனால் 'உம்மா' என்ற ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் விட எவ்வளவு இடம் வேண்டும்? கேட்கும்போது ஒலியைத் தருக. எதிரில் நிற்பவர் திகைத்த பிறகு, அடுத்த வசனத்தில் 'முத்தமா?' என்று ஒரு சொல் சேர்த்துப் பொருளைத் தருக. அப்போது கொண்டச்சிப் பேரனுக்கு இரட்டைச் சிரிப்பு.

எல்லாவற்றையும் மூல ஒலியிலேயே விடச் சொல்லவில்லை. சிலேடை இரு பொருளில் நின்றால், இரு பொருள் தரும் வேறு சொல்லைப் பார்வையாளரின் மொழியில் தேடி மாற்றத்தான் வேண்டும். ஆயினும் மாற்றுமுன் கதையைக் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். இதே படம் 1998இல் ஜப்பானுக்குப் போனபோது, பெயருடன் 'ஆடும் மகாராஜா' என்று சேர்த்தார்கள். கூட்டம் கூடியது. ஆனால் வேலைக்காரன் முத்துதான் ஜமீனின் உண்மையான வாரிசு என்பதல்லவா கதையின் முடிச்சு? சுவரொட்டியிலேயே அதை அவிழ்த்துவிட்டார்கள்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்க வேண்டியது, 'இதன் பொருள் என்ன?' என்பதன்று, 'இந்த நொடியில் மூல ரசிகருக்கு எது தெரியும், எது தெரியாது?' என்பதே. தெரிந்ததைத் தெரியவையுங்கள், தெரியாததை மறைத்தே வையுங்கள். பாட்டியும் பேரனும் ஒரே நொடியில் சிரிக்கட்டும்.