உரக்கடை இருப்பில் வித்தியாசம்

உரக்கடையில் ஆய்வு நடந்தது, இருப்பில் மூட்டைகள் குறைந்தன என்ற செய்தியைக் கேட்டதும், அது கடைக்காரருக்கும் அதிகாரிக்கும் உள்ள விவகாரம் என்று விவசாயிகள் இருந்து விடுகிறார்கள். அப்படி இருந்துவிடக் கூடாது. குறைந்த மூட்டை யார் பெயரில் எழுதப்படப் போகிறது என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம் பார்ப்போம். மேலுரம் இடும் சமயம். கடையின் விற்பனைக் கருவியில் யூரியா இருப்பு 240 மூட்டை என்று காட்டுகிறது. கிடங்கில் எண்ணினால் 212 மூட்டைதான். குறைவு 28.

கடைக்காரர் முதலில் செய்ய வேண்டியது, கருவியைத் தொடாமல், மூட்டைகளை அடுக்கு அடுக்காக மறுபடியும் எண்ணுவது. மூலையில் கிழிந்து ஒதுக்கிய 2 மூட்டைகள் கிடைக்கின்றன. பிறகு, கருவி வேலை செய்யாத நாளில் கையால் எழுதிய பில்களைக் கூட்டினால் 24 மூட்டை வருகிறது. அன்று கைரேகை பதியவில்லை. விவசாயியைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கொடுத்திருக்கிறார். மீதி 2 மூட்டைக்குக் கணக்கு இல்லை. இல்லை என்றே எழுதிக் கொடுப்பது நல்லது. கதை கட்டினால், சரியான அந்த 24 மூட்டையையும் அதிகாரி நம்ப மாட்டார்.

அதே கடையில் காம்ப்ளக்ஸ் உரம் 20 மூட்டை அதிகம். முன்தினம் மாலை வந்த லாரிச் சரக்கைக் கருவியில் வரவு வைக்கவில்லை. லாரி ரசீதும் கம்பெனி பில்லும் தேதியோடு இருந்தால் விளக்கம் போதும். இல்லையென்றால் சரக்கே சந்தேகத்துக்குரியது. மாதிரி எடுப்பதுதான் முறை.

அதிகாரியும் கையெழுத்து பில்லைப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது. அதில் உள்ள இரண்டு மூன்று விவசாயிகளை விசாரிக்க வேண்டும். பில் பின்னால் எழுதப்பட்டதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இனி விவசாயிக்கு வருவோம். கருவியில் 240 மூட்டை நிற்கும்வரை அந்தக் கடையில் சரக்கு இருப்பதாகவே மேலே கணக்கு. அடுத்த லோடு வேறு ஊருக்குப் போகும். கதிர் உருவாகும் பருவத்தில் இங்கே யூரியா இருக்காது. இதைவிட மோசமானது, குறைவைச் சரிக்கட்ட, வேறு உரம் வாங்க வந்தவரின் கைரேகையிலேயே பத்து மூட்டை யூரியாவைச் சேர்த்து எழுதிவிடுவது. மாவட்டத்தில் அதிகம் வாங்கியவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தால், ஒரு ஏக்கர்காரருக்கு இத்தனை யூரியா எதற்கு என்று விசாரிக்க வீட்டுக்கே வருவார்கள்.

1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பில் இல்லாமல் உரம் விற்கக் கூடாது. கருவி பழுதென்றால் கையால் எழுதிய பில்லையாவது கேட்டு வாங்குங்கள். மறுநாள் கைரேகை வைக்கக் கூப்பிட்டால் போய் வையுங்கள். கருவி தரும் சீட்டில் மூட்டை எண்ணிக்கை, வாங்கிய அளவுதானா என்று அங்கேயே பாருங்கள்.