குறை நம் தோலில் இல்லை, ஒளியில்!

லோபாக்கிலும் சுற்றுத் தோட்டங்களிலும் நம்மவர் வெள்ளைச் சுவர் முன் நின்று படம் எடுத்தால் முகம் கரிக்கட்டையாக வருகிறது. "கறுப்பாக இருந்தால் அப்படித்தான்" என்கிறார்கள். பொய்! கேமரா எந்தக் காட்சியையும் நடுச் சாம்பல் நிறமாகக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவரைக் கண்டதும் ஒளியைக் குறைக்கிறது, பலியாவது முகம்.

இதன் வேர் பழையது. கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோலுக்கே நிறம் சரிபார்க்கப்பட்டது.

திருத்துவோரும் இன்னொரு அநீதி செய்கிறார்கள். படம் முழுவதையும் வெளுப்பாக்கினால் தலைமுடி சாம்பலாகிறது, முகம் சுண்ணாம்பாகிறது. அதை மறைக்க மஞ்சளை ஏற்றினால் செங்கல் நிறம்!

சரியான வழி இது. ரா கோப்பில், வெளுத்துப்போகாத வெள்ளைச் சட்டையைக் காட்டி வெண்சமநிலையை முதலில் அமையுங்கள். பிறகு முகத்தை மட்டும் தேர்ந்து, ஒளியை ஏறக்குறைய 1 ஸ்டாப் உயர்த்துங்கள். நெற்றி மினுமினுப்பைப் பார்க்காதீர்கள், கன்னத்தைப் பாருங்கள். அடுத்து கறுப்பு அளவை இறக்குங்கள். முடி கறுப்பாகவே இருக்கவேண்டும். இதில் ஆரஞ்சு கூடினால் அதன் செறிவை மட்டும் சிறிது குறையுங்கள்.

கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இல்லை, நெற்றியின் மினுமினுப்பு அழியவில்லை என்றால் திருத்தம் சரி. ஜேபெக் படம் 2 ஸ்டாப்புக்கு மேல் இருண்டிருந்தால் நிழலில் புள்ளிகள்தான் மிஞ்சும். அதைத் திருத்தாதீர்கள், +1 வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கேட்பது சலுகை அல்ல, கொடுத்த காசுக்கு நம் முகம்!