கைக்கடிகாரம் சொல்வதா, மூச்சு சொல்வதா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்காவுக்கு வயது 71. பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. நாற்பது வருடம் விறகடுப்புப் புகையில் நின்று சமைத்தவர். ஆறு வருடத்துக்கு முன் ஊதும் பரிசோதனை செய்து பார்த்து, மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிட்டன, இது சிஓபிடி என்று டாக்டர் சொன்னார். மருந்தோடு தினமும் நடக்கவும் சொன்னார். அக்காவும் நடந்துகொண்டுதான் இருந்தார். தீபாவளிக்கு வந்த மருமகன், பாசத்தோடு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டுப் போனதில்தான் வம்பு ஆரம்பித்தது.

220-இலிருந்து வயதைக் கழித்தால் 149. அதில் 70 சதவீதம் 104. அந்த அளவுக்காவது நாடித்துடிப்பு ஏறினால்தான் நடைக்குப் பலன் என்று அவன் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அக்கா நடந்தால் 98 வரும்போதே மூச்சு வாங்குகிறது, நிற்கிறார். பக்கத்தில் நடந்த பேத்தி வாட்சைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான் பாட்டி, ஹார்ட் ரேட் இன்னும் வரவே இல்லை" என்று உற்சாகப்படுத்தியிருக்கிறாள். பிள்ளை மேல் தப்பில்லை. அக்கா வேகத்தைக் கூட்டி, பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பேச்சு வராமல், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டார். மூச்சு பழைய நிலைக்கு வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அப்புறம் ஒரு வாரம் வாசற்படி தாண்டவில்லை.

முப்பது வருடம் பௌதிகம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கணக்கில் கழித்தல் சரி, கேள்விதான் தப்பு. அந்தச் சூத்திரம் ஒரு சராசரி. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருக்கும். அது போகட்டும். நடையை முதலில் தடுப்பது இதயம் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அக்காவைத் தடுப்பது இதயம் இல்லை, நுரையீரல்.

வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். டவுன் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும் வாசல் அகலம், இறங்கும் வாசல் ஒடுக்கம். நிறுத்தத்தில் நிதானமாக நின்றால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். டிரைவர் அவசரப்பட்டால் பாதிப்பேர் இறங்குமுன்னே அடுத்த கூட்டம் ஏறிவிடும். நாலு நிறுத்தம் தாண்டினால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. சுருங்கிய குழாய்கள் உள்ளவருக்குக் காற்றை வெளியே விடத்தான் நேரம் பிடிக்கும். வேகமாக நடந்தால் மூச்சும் வேகமாகும். பழைய காற்று முழுதும் வெளியேறுமுன் புதுக் காற்றை இழுக்கிறார். காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு உப்புகிறது, அடுத்த மூச்சை இழுக்க இடமில்லை. "காத்து உள்ள போகமாட்டேங்குது தம்பி" என்று அக்கா சொல்வார். உண்மையில் வெளியே போகாததுதான் வினை. இது நடக்கும்போது நாடி 98-இலேயே இருக்கலாம். அங்கே 104-க்கு முயற்சி செய் என்பது, நிரம்பிய பஸ்ஸில் இன்னும் ஆறு பேரை ஏற்றுவதுதான்.

நாடி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். நடக்குமுன் நீலநிற இன்ஹேலர், அதாவது சால்பூட்டமால், இழுத்தால் உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு கூடலாம், கையும் லேசாக நடுங்கலாம். அதைப் பார்த்துப் பயந்து நடையையே நிறுத்தியவர்கள் உண்டு. இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நேர்மாறு. மூச்சு முட்டினாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

அப்படியானால் எதை வைத்து நடப்பது? பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் அக்காவுக்கு ஓர் அளவுகோல் தந்தார். மூச்சுத்திணறலுக்கு நாமே மதிப்பெண் போடவேண்டும். துளியும் இல்லையென்றால் 0. இதற்கு மேல் தாங்கவே முடியாது என்றால் 10. நடுத்தரத் திணறல் 3, அதைவிடக் கொஞ்சம் கூடினால் 4, கடுமை என்றால் 5. அக்காவுக்குச் சொன்னது 3-க்கும் 4-க்கும் நடுவில் நடக்கவேண்டும் என்று. முதலில் எனக்கே இது விளையாட்டாகத்தான் பட்டது. மீட்டர் இல்லாமல் என்ன அளவு என்று நினைத்தேன். ஆனால் போர்க் அளவுகோல் என்ற பெயரில் மருத்துவமனைகளிலேயே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

மதிப்பெண் போடத் தெரியவில்லையென்றால் பேச்சை வைத்துப் பார்க்கலாம். "இன்னிக்கு மத்தியானம் என்ன குழம்பு வைக்கலாம்?" என்று ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

இப்போது அக்கா நடப்பது இப்படி. இரண்டு அடிக்கு மூக்கால் இழுக்கிறார். நாலு அடிக்கு, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுகிறார். குவித்து ஊதினால் வெளிமூச்சு நிதானப்படுகிறது, பஸ் காலியாக நேரம் கிடைக்கிறது. 4-ஐத் தாண்டினால், திணறல் முற்றும்வரை காத்திருக்காமல் திண்ணையில் உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னே சாய்ந்துகொள்கிறார். 2-க்கு இறங்கியதும் மறுபடி நடை. முதல் வாரம் ஐந்து நிமிடம், ஓய்வு, ஐந்து நிமிடம். இரண்டு மாதத்தில் ஓய்வுகளோடு சேர்த்து இருபத்தைந்து நிமிடம் வந்திருக்கிறது. நடுத்தரமாக மூச்சு வாங்குவது ஆபத்தில்லை. அதற்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்து, அடுத்த மாதம் இன்னும் குறைந்த தூரத்திலேயே மூச்சு வாங்கும்.

நாடி பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் எழுந்ததும், இன்ஹேலருக்கு முன், அக்காவுக்கு வழக்கமாக 84. ஒருநாள் அது நன்றாகக் கூடியிருந்து, சளியின் நிறமும் மாறி, சும்மா இருக்கும்போதே இளைப்பு என்றால் அன்றைக்கு நடை கிடையாது, டாக்டருக்குப் போன். நாடி தாறுமாறாகத் துடித்தாலோ, நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு நீலம் என்று எது வந்தாலும் நடையை அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போகவேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தனிக் கதை. சிலருக்கு மூச்சு அதிகம் வாங்காமலே நடையில் ஆக்சிஜன் இறங்கும். அதனால் நடைப்பயிற்சி தொடங்குமுன் டாக்டர் முன்னிலையில் ஆறு நிமிட நடைப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

ஆஸ்துமா உள்ள என் மாணவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். உங்களில் பலருக்கு இறுக்கம் நடக்கும்போது வராது, வேகமாக நடந்து நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் கழித்து வரும். அப்போது நாடி இறங்கியிருக்கும், வாட்ச் 'நார்மல்' என்று காட்டும். நெஞ்சோ விசில் அடிக்கும். மார்கழிக் குளிரில் இது கூடுதல். முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்குங்கள். டாக்டர் சொல்லியிருந்தால் கிளம்பக் கால்மணி முன்பே இன்ஹேலர் எடுங்கள். அடிக்கடி இப்படி வந்தால், தினசரித் தடுப்பு மருந்து போதவில்லை என்று பொருள் இருக்கலாம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருமகனே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். வாட்ச் பத்திரமாக அலமாரியில் இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள். அம்மாவோடு நடக்கப் போனால் அரை அடி பின்னால் நட. முன்னால் நடந்தால் உன் வேகத்துக்கு அவர் வர முயற்சி செய்வார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது எதுவும் கேட்காதே. மூச்சு வந்ததும் அவரே பேச ஆரம்பிப்பார், அப்புறம் நிறுத்துவது உன் சாமர்த்தியம்.