ஐந்து நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்தும்? பதுளையிலிருந்து ஒரு மின்கட்டணக் கணக்கு

பதுளை நகரக் கடைகளில் ஏசி வாங்கப் போகிறவர்களிடம் விற்பனையாளர் முதலில் காட்டுவது நட்சத்திரங்களைத்தான். "அஞ்சு ஸ்டார் எடுங்க, கரண்ட் பில்லுல காசு வந்துடும்" என்பார். வீட்டில் இருப்பவர்கள் யூடியூபில் பார்ப்பதோ பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகள். முத்திரையில் உள்ள அலகை ஒரு அலகின் விலையால் பெருக்கினால் வருடச் செலவு வந்துவிடும் என்று அவற்றில் சொல்கிறார்கள். இலங்கையின் கட்டண முறையில் அந்தப் பெருக்கல் சரியான விடையைத் தராது. ஏன் என்பதை எண்களோடு பார்ப்போம்.

முதலில் முத்திரை. இலங்கையில் மின் உபகரணங்களுக்கு வலுத்திறன் முத்திரை வழங்குவது இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபை. இந்தியாவில் அதை வலுத்திறன் பணியகம் செய்கிறது. ஒரே அளவு குளிர்ச்சிக்கு இயந்திரம் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் நட்சத்திரம் சொல்கிறது. ஆனால் நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு, ஒரே நாட்டில் காலத்துக்குக் காலமும் மாறும். இந்தியாவில் 2022 ஜூலையில் அளவுகோல் இறுக்கப்பட்டபோது, அதுவரை ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்த பல இயந்திரங்கள் நான்குக்கு இறங்கின. இயந்திரம் அதேதான், நட்சத்திரம் மட்டும் குறைந்தது. எனவே நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, முத்திரையில் அச்சிட்டிருக்கும் மின்நுகர்வைப் பார்ப்பதே பயன்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மணிநேரக் கணக்கு இருக்கிறது. இந்திய முத்திரை வருடத்துக்கு 1600 மணிநேரப் பாவனையை வைத்துக் கணிக்கப்படுகிறது. உதாரணத்துக்கு, ஒரு தொன் இயந்திரங்கள் இரண்டை எடுப்போம். மூன்று நட்சத்திர முத்திரையில் 672 அலகு, ஐந்து நட்சத்திர முத்திரையில் 544 அலகு என்று இருக்கிறது. 1600ஆல் வகுத்தால் மணிக்கு 0.42 அலகும் 0.34 அலகும் வரும். கூரைத்தகடு சுடும் அறையிலும், கதவு மூடாத அறையிலும், வடிகட்டி கழுவாத இயந்திரத்திலும் இது கூடும். கணக்குத் தொடங்க இது போதும்.

அடுத்தது கட்டணப் பட்டியல். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடு முதல் 30 அலகுக்கு 4.50 ரூபாய், அடுத்த 30க்கு 8 ரூபாய் கட்டும். 60ஐத் தாண்டினால் அந்த மலிவு விலை முழுவதும் போய்விடும். முதல் 60 அலகும் 12.75 ரூபாய், 90 வரை 18.50, 120 வரை 24, 180 வரை 41, அதற்கு மேல் 61 ரூபாய். நிலையான கட்டணமும் 400, 1000, 1500, 2100 என்று படியேறும். வரிகளை இங்கே சேர்க்கவில்லை. கட்டணம் மாறினால் எண்களை மாற்றிக்கொள்ளலாம், வழிமுறை மாறாது.

இந்தப் பட்டியலில் "ஒரு அலகின் விலை" என்று ஒன்று கிடையாது. ஏசியின் அலகுகள் வீட்டின் மற்றப் பாவனைக்கு மேலே போய் உட்காருகின்றன. அவை விழுவது விலை கூடிய படிகளில். ஆகவே ஏசி இல்லாத பட்டியலையும் ஏசியோடு வரும் பட்டியலையும் தனித்தனியாகப் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். வருகிற வித்தியாசமே ஏசியின் செலவு.

மஹியங்கனையில் மாதம் 80 அலகு பாவிக்கும் ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். இப்போதைய பட்டியல்: 765, 370, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,535 ரூபாய். இரவில் ஆறு மணிநேரம் மூன்று நட்சத்திர இயந்திரம் ஓடினால் மாதம் 180 மணிநேரம், ஏறத்தாழ 76 அலகு. மொத்தப் பாவனை 156, பட்டியல் 5,016 ரூபாய். ஆக ஏசியின் செலவு 3,481 ரூபாய். பழைய பட்டியலின் சராசரி விலையால் 76 அலகைப் பெருக்கியிருந்தால் 1,460 ரூபாய் அளவில்தான் வந்திருக்கும். உண்மைச் செலவு அதன் இரு மடங்குக்கும் மேல்.

அதே வீட்டில் ஐந்து நட்சத்திரம் என்றால் 61 அலகு, மொத்தம் 141, பட்டியல் 4,401. மாதம் 615 ரூபாய் மிச்சம். வருடத்தில் எட்டு மாதம் ஓடினால் மூன்று நட்சத்திரத்தின் செலவு 27,848 ரூபாய், ஐந்து நட்சத்திரத்தின் செலவு 22,928. வித்தியாசம் 4,920. ஐந்து நட்சத்திர இயந்திரம் 40,000 ரூபாய் கூடுதல் விலை என்று வைத்தால், அந்தக் காசு திரும்ப எட்டு வருடமாகும்.

இனி பதுளை நகருக்கு வருவோம். மஹியங்கனையும் பதுளை மாவட்டம்தான், ஆனால் அது தாழ்நிலம். நகரமோ கடல்மட்டத்திலிருந்து 680 மீற்றர் அளவு உயரம். இங்கே இரவில் ஏசி தேவைப்படுவது அரிது. அதே 80 அலகு வீட்டில், வெயில் மாதங்கள் மூன்றில் பிற்பகல் மூன்று மணிநேரம் ஓடினால் மாதம் 38 அலகு அல்லது 31 அலகு. பட்டியல் 2,992 அல்லது 2,824. மாதம் 168 ரூபாய், வருடத்துக்கு 504 ரூபாய்தான் மிச்சம். 40,000 ரூபாய் திரும்ப 79 வருடமாகும். இயந்திரம் அவ்வளவு காலம் உழைக்காது.

நட்சத்திரத்துக்கு உண்மையில் மதிப்புக் கூடும் இடமும் இருக்கிறது. மஹியங்கனை வீடு ஏசி இல்லாமலே 110 அலகு பாவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நட்சத்திரம் அதை 186 அலகுக்குக் கொண்டுபோகும், பட்டியல் 6,966 ரூபாய். ஐந்து நட்சத்திரம் 171இல் நிறுத்தும், பட்டியல் 5,631 ரூபாய். மாத மிச்சம் 1,335. முன்னர் 615 ஆக இருந்தது இரட்டிப்புக்கும் மேலானதற்குக் காரணம் 180 என்ற படி. அதைத் தாண்டினால் நிலையான கட்டணம் மட்டுமே 600 ரூபாய் ஏறுகிறது. எட்டு மாதப் பாவனையில் இந்த வீட்டுக்கு நான்கு வருடத்துக்குள் காசு திரும்பிவிடும்.

எதிர் முனையில் இருப்பது 60 அலகுக்குள் நிற்கும் வீடு. தோட்ட லயங்களிலும் சிறிய வீடுகளிலும் இப்படியான பாவனையே வழக்கம். மாதம் 55 அலகு என்றால் பட்டியல் 545 ரூபாய். வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருக்கும் பிள்ளை, நோயாளியான தாய்க்கு என்று ஏசி ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டுப் போகிறார். தாய் சிக்கனமாக மாதம் 10 அலகுக்கு மட்டும் பாவித்தாலும் மொத்தம் 65 ஆகி, பட்டியல் 1,257.50 ரூபாயாகிவிடும். அந்தப் பத்து அலகுக்கு 712.50 ரூபாய், அதாவது அலகுக்கு 71 ரூபாய். உச்சப் படியின் 61 ரூபாயையும் மிஞ்சிய விலை. எத்தனை நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. ஏசி வாங்கித் தருபவர் மாதப் பட்டியலின் வித்தியாசத்தையும் சேர்த்து அனுப்பாவிட்டால், அந்த இயந்திரம் சுவரில் அலங்காரமாகவே இருக்கும்.

கடைக்குப் போகுமுன் கடைசி மூன்று மாதப் பட்டியல்களை எடுத்து உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த படிக்கு இன்னும் எத்தனை அலகு மிச்சம் என்பதைக் குறித்துக்கொண்டு, பிறகு முத்திரையின் அலகைப் பாருங்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கும் இயந்திரம் உங்களை ஒரு படி கீழே நிறுத்துகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. நிறுத்தாவிட்டால், பதுளை போன்ற இடத்தில் அந்தக் காசைக் கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தகட்டுக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. அதற்கு மாதப் பட்டியல் வராது.