கீழ் என்று சொன்னது யார்? எட்மண்டின் தனிமொழியும் பண்டிதர் தமிழும்

ஷேக்ஸ்பியரைத் தமிழில் கொண்டுவருவதென்றால் அகவலில்தான் கொண்டுவர வேண்டும், அதுவும் சந்தி பிசகாமல் கொண்டுவர வேண்டும் என்று நம்புகிற கூட்டம் இன்னும் செத்துவிடவில்லை. நானும் எம்.ஏ. தமிழ் படித்தவன்தான். யாப்பு தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அகவல் மீது எனக்குப் பகை இல்லை. அதை வாயிலிருந்து பிடுங்கி ஏட்டில் கட்டிப்போட்டவர்கள் மீதுதான் வழக்கு.

ஒரு கல்லூரி நாடகக் குழு ‘லியர் அரசன்’ போட்டது. ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் அங்கம், இரண்டாம் காட்சி. பிரபு கிளாஸ்டருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த எட்மண்ட் மேடையில் தனியாக நின்று பேசுகிறான். முந்திய காட்சியில்தான் அவன் அப்பன், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இவன் உருவான கதையை இன்னொரு பிரபுவிடம் கிண்டலாகச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றவனுக்கு இப்போதுதான் வாய் திறக்கிறது. மொத்தம் 22 வரி. என்ன குறை கண்டு என்னைக் கீழானவன் என்கிறீர்கள் என்று கேட்கிறான்.

எட்மண்ட் வேடம் கட்டிய தம்பி ஊரில் கூத்தாடியவன். அவன் கையில் கொடுத்திருந்த தமிழ் இப்படி இருந்தது:

எழிலுரு வுடையேன் இழிகுலத் தோனென்
றிழித்துரைத் திகழ்தல் எற்றுக் கம்மா!

சீர், தளை, மோனை, எதுகை எல்லாம் சரி. மதிப்பெண் போடலாம். ஆனால் தம்பி சொன்னான்: “அண்ணே, இது வாய்க்குள்ளயே நிக்குது. எங்க மூச்சு விடுறது?” கடைசி வரிசையில் இருந்த மாணவியை, மேடையைப் பார்க்காமல் திரும்பி உட்காரச் சொன்னேன். காதில் விழுந்ததை மட்டும் சொல்லச் சொன்னேன். “யாரோ திகழ்றாங்க சார்” என்றாள். ‘உரைத்து இகழ்தல்’ சந்தியில் சேர்ந்து ‘உரைத்திகழ்தல்’ ஆனதும் இகழ்ச்சி போய்விட்டது. அவமானப்பட்டவன் ஜொலிக்க ஆரம்பித்துவிட்டான். ஏட்டில் கண் பிரித்துக்கொள்ளும். மேடையில் காதுக்கு அந்த வசதி கிடையாது.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் ‘இழிகுலம்’ என்ற சொல். எட்மண்டின் குலம் என்ன? அப்பன் பிரபு. அண்ணன் எட்கரும் அதே அப்பனுக்குப் பிறந்தவன். மூலத்தில் குலமே கிடையாது, கல்யாணச் சட்டம்தான் இருக்கிறது. ‘பேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் பண்டிதர் பேனாவிலிருந்து தானாகக் கொட்டியது குலம். அது மொழிபெயர்ப்பா, பழக்கதோஷமா? நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்மண்டை நம் ஆளாக்கிச் சேரிக்காரனாகப் பேச வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். அவன் குறி அண்ணனுடைய நிலம். தன்னைத் தள்ளிய முறையை அவன் உடைக்க வரவில்லை, அதற்குள் தனக்கு இடம் பிடிக்க வருகிறான். அவனுக்கு நம் காயத்தைக் கடன் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, எப்படிச் சொல்வது? ஆங்கில வரியில் பத்து அசை. ஒன்று விட்டு ஒன்று அழுத்தம். ஐந்து அடி விழும். தமிழில் அழுத்தம் சொல்லின் பொருளை மாற்றாது. நம் யாப்பு எண்ணுவது நேரசை, நிரையசை. ஆகவே ஐந்து அடியை அப்படியே தூக்கிவர முடியாது. தூக்கிவரக் கூடியது, ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கு. நாம் பேசும்போது சேர்ந்து வரும் சொற்கள் ஒரு கொத்தாகின்றன. கொத்தின் தலையில் லேசாக ஒரு தட்டு விழுகிறது. வரிக்கு மூன்று அல்லது நான்கு கொத்து என்று வைத்துக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டே எழுதினேன். அகவலின் நாற்சீருக்கு இது தூரத்துச் சொந்தம் அல்ல, பக்கத்து வீடு.

அடுத்த சிக்கல் வினைச்சொல். எழுத்துத் தமிழில் வினை கடைசியில் வரும். பத்துச் சொல் காத்திருந்தால்தான் என்ன சொன்னான் என்று தெரியும். அதற்குள் கோபம் ஆறிவிடும். பேச்சு அப்படிக் காத்திருப்பதில்லை. “வந்துட்டான் பாரு, பெரிய மனுசன்” என்று வினையை முன்னால் போட்டுவிட்டு மிச்சத்தைப் பின்னால் எறிகிறோம். நடிகனுக்கு வேண்டியது இந்த எறிதல்தான்.

மூன்றாவது, அந்த ‘பேஸ்’. 1608இல் வந்த பதிப்பில் இந்த இடம் சுருக்கமாக இருக்கிறது. 1623ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சொல்லும் அதன் உறவுச் சொற்களும் ஒரே வரியில் ஐந்து முறை வந்து மோதுகின்றன. ஐந்தும் உதட்டை மூடித் திறக்கிற வெடிப்பொலி. ‘இழிந்தவன்’ என்றால் உயிரெழுத்தில் தொடங்கி ழகரத்தில் வழுக்கிவிடும், வெடிக்காது. ‘கீழ்’ என்றால் ககரம் தொண்டையில் அடிக்கும். அதுவும் ழகரத்தில்தான் முடிகிறது, ஆனாலும் அடி முதலில் விழுந்துவிடுகிறது.

வெளியே பிறந்தவனா? எதனால் கீழ்?
கைகால் அளவில் குறையா எனக்கு?
புத்தி மட்டமா? சாயல் பொய்யா,
கட்டினவள் பெற்ற பிள்ளைக்கு முன்னால்?
ஏன் இந்தச் சூடு என் மேலே, கீழ் என்று?
கீழ்! கீழ்மை! கீழ்ப்பிறப்பு! கீழ், கீழ்!

‘சாயல்’ என்றது அப்பன் சாயலை. ‘தாலி கட்டியவள்’ என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். இங்கிலாந்தில் ஏது தாலி? ஐந்தாம் வரியில் வினையே இல்லை. ‘கீழ் என்று’ வால் போல் தொங்குகிறது. அடுத்த வரி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அந்தாதி நம்மிடம் சும்மாவா இருக்கிறது! “போடுகிறார்கள்” என்று எழுதிப் பார்த்தேன். ‘கிறார்கள்’ என்ற அந்த இழுவையில் தட்டு செத்துப்போனது.

‘வெளியே பிறந்தவன்’ பற்றிச் சண்டை வந்தது. “இது திட்டு இல்லையே அண்ணே” என்றான் தம்பி. உண்மை. மூலத்தில் இருப்பது வசவு. ஆனால் அந்த வசவு விழுவது மகன் மீது. நம் ஊரில் புழங்குகிற இரண்டு மூன்று சொற்களையும் எடுத்துப் பாருங்கள், எல்லாம் தாய் மீது விழுகிறவை. ‘வப்பாட்டி மகன்’ என்றால் சொல்லிலேயே அவள் நிற்கிறாள். எட்மண்ட் இந்த 22 வரியில் தன் தாயை ஒரு இடத்திலும் திட்டவில்லை. அவளைக் கேலி பேசியவன் அப்பன். அப்பனுடைய வேலையை மகன் வாயால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ‘முறைகெட்டவன்’ என்றால் நடத்தை கெட்டவன் என்று ஆகும். எனவே காரம் குறைந்தாலும் குறையட்டும் என்று விட்டேன். இது நஷ்டம்தான், மறைக்கவில்லை.

எதிர்ச்சொல்லிலும் இடறினேன். எட்கரை ‘முறைப்பிள்ளை’ என்று எழுதியிருந்தேன். ஒத்திகையில் ஒரே சிரிப்பு, முறைமாப்பிள்ளை என்று காதில் விழுந்திருக்கிறது. எட்மண்ட் கேலியாக மென்று துப்புகிற சொல் அது, நீதிமன்ற வாடை அடிக்க வேண்டும். ‘சட்டப்படி’ என்று மாற்றினோம். “சட்டப்படி! நல்ல வார்த்தைதான் அது” என்று தம்பி ஒவ்வொரு அசையாக இழுத்துச் சொன்னபோது, பட்டாவுக்கு அலைந்த எவருக்கும் அந்தச் சொல்லின் ருசி தெரிந்திருக்கும். நிலம் பறிக்கப் போகிறவன் வாயில் அது சரியாக உட்கார்ந்தது.

22 வரி என் கையில் 29 ஆகிவிட்டது. இயக்குநர் ஐந்தை வெட்டச் சொன்னார். மூன்றை வெட்டினேன். மீதி இரண்டைத் தம்பி விடமாட்டேன் என்றான். மாணவி மறுபடியும் திரும்பி உட்கார்ந்தாள். “கீழ்னு சொன்னவனைத் திட்டுறான்” என்றாள்.