சலக்கடுப்புக்கு எத்தனை நாள் குளிசை?



தையல் நிலையம் ஒன்றுக்குப் போயிருந்தபோது 23 வயதுப் பிள்ளை ஒருத்தி என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தாள். "அக்கா, சலம் போகேக்க எரியுது. அடிக்கடி முட்டுது, போனால் ரெண்டு சொட்டுத்தான்." அண்ணனின் கால் புண்ணுக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலினில் இரண்டை ஏற்கெனவே விழுங்கியிருந்தாள். குறையவில்லை. சலக்கடுப்பைத் தருவது பெரும்பாலும் நமது குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. அது இப்போது அந்த மருந்துக்கு அவ்வளவாக அடங்குவதில்லை.

அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். காய்ச்சல், நடுக்கம், சத்தி, விலாப்பக்கம் நோ உண்டா, மாதவிடாய் தள்ளியதா, நீரிழிவு உண்டா, வெள்ளைபடுகிறதா என்று வைத்தியர் கேட்டார். கலியாணமாகாதவளிடம் ஏன் இதெல்லாம் என்று அவளுக்கு முகம் சுருங்கியது. ஆனால் மருந்தும் நாட்கணக்கும் இந்தப் பதில்களில்தான் தங்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அவள் இல்லை என்றாள். அப்படியென்றால் தொற்று சலப்பையோடு நிற்கிறது. நைட்ரோபியூரன்டொயின் 50 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு 4 தடவை, சாப்பாட்டோடு, 5 நாள் என்று எழுதினார். மொத்தம் 20 குளிசை.

இரண்டாம் நாளே எரிவு அடங்கிவிட்டது. ஆனால் சலம் கபில நிறமாய்ப் போவதைக் கண்டு பயந்து, குளிசையை நிறுத்தப் போவதாகச் சொன்னாள். அது மருந்தின் நிறம், கெடுதல் இல்லை. எரிவு நின்றாலும் கிருமி மிஞ்சியிருக்கலாம், அதனால் 5 நாளையும் முடிக்க வேண்டும். அதற்காக 10 நாள் நீட்டவும் தேவையில்லை. இரண்டு நாளில் குறையாவிட்டால் சலத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ விலா நோவோ தொடங்கினால் அன்றே திரும்பப் போக வேண்டும். சிறுநீரகத்துக்கு ஏறிய தொற்றுக்கு இந்தக் குளிசை போதாது. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் கேட்டாள். குடம் குடமாய்க் குடித்துக் கிருமியைக் கழுவிவிட முடியாது. இந்த மருந்து சலத்தில் சேர்ந்து நின்றுதான் வேலை செய்கிறது. சலம் வெளிர் மஞ்சளாய்ப் போகுமளவு குடித்தால் போதும். தண்ணீரின் பலன் பிறகுதான் தெரியும். 2018இல் வெளிவந்த ஆய்வொன்றில், அடிக்கடி சலக்கடுப்பு வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த பெண்கள் நாளுக்கு ஒன்றரை லீற்றர் கூடுதலாகக் குடித்தபோது, அது வரும் தடவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இவளோ காலையில் ஒரு தேத்தண்ணி, மத்தியானம் ஒரு கோப்பை தண்ணீர், அவ்வளவுதான். மலசலகூடத்துக்கு அடிக்கடி போகக்கூடாதென்று 2009இல் முகாமில் அம்மா பழக்கிய பழக்கமாம். தையல் நிலைய மலசலகூடக் கதவுக்கு கொண்டியும் இல்லை. பொறுப்பாளரிடம் கதைத்தேன். அடுத்த கிழமை கொண்டி பூட்டினார்கள். இப்போது அவளுடைய மெசினுக்குப் பக்கத்தில் ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று இருக்கிறது.