எதன் சதவீதம்?

இந்த வாரம் பத்தியாளர் ஒரு உரையைக் கேட்கப் போய்க் கோபத்தோடு திரும்பினார். சென்னையில் ஒரு கல்லூரியின் அரசியல் அறிவியல் துறை நடத்திய கூட்டம் அது. தலைப்பு, தேர்தல் முறைகளின் ஒப்பீடு. பேசியவர் நன்றாகவே பேசினார். கடைசியில் திரையில் ஒரு அட்டவணை வந்தது. பிரிட்டன் 2024: தொழிற்கட்சிக்கு 34 சதவீத வாக்கு, 63 சதவீத இடம். இந்தியா 2014: பாஜகவுக்கு 31 சதவீத வாக்கு, 52 சதவீத இடம். இலங்கை 2024: தேசிய மக்கள் சக்திக்கு 62 சதவீத வாக்கு, 71 சதவீத இடம். ஆகவே, அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறை அநியாயமானது, விகிதாசார முறை நியாயமானது என்று முடித்தார்.

முன்வரிசை மாணவர்கள் அட்டவணையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். கேள்வி நேரம் ஐந்து நிமிடம். ஒலிவாங்கி பத்தியாளரின் வரிசைக்கு வரும்போது நன்றியுரை தொடங்கிவிட்டது. குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த மூன்று கேள்விகளும் அப்படியே வீடு வந்து சேர்ந்தன. ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு இருபது நிமிடக் கேள்வி நேரம் வேண்டும். இதுபோன்ற ஒப்பீட்டு உரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சதவீதம் என்ற சொல்லைக் கண்டால், எதன் சதவீதம் என்று கேட்காமல் பத்தியாளரால் நகர முடிவதில்லை. 2014இல் பாஜக 543 தொகுதிகளிலும் நிற்கவில்லை. 428இல் நின்றது, மீதியில் பெரும்பகுதியைக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டது. கட்சி நிற்காத தொகுதிகளில் பதிவான வாக்குகளும் அந்த 31 சதவீதத்தின் அடியில் வகுக்கும் எண்ணாகச் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனின் தொழிற்கட்சியோ வட அயர்லாந்தின் 18 தொகுதிகளை விட்டால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றது. இந்த இரண்டு சதவீதங்களும் ஒரே தராசில் நிற்குமா?

சரி, கூட்டணியாகவே கணக்கிடுவோம் என்றால் அங்கேயும் ஒரு சிக்கல். தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு அந்தத் தேர்தலில் சுமார் 38 சதவீத வாக்கு, 336 இடம். அதாவது 62 சதவீத இடம். கழித்துப் பார்த்தால் வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 21 புள்ளியிலிருந்து 24 ஆகக் கூடுகிறது. வகுத்துப் பார்த்தாலோ ஏறத்தாழ 1.7 மடங்காக இருந்தது 1.6 ஆகக் குறைகிறது. அநியாயம் கூடியதா குறைந்ததா என்பது, அதைக் கழித்து அளக்கிறோமா வகுத்து அளக்கிறோமா என்பதைப் பொறுத்தது. எப்படி அளந்தார் என்று சொல்லாமல் ஒரு பேச்சாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இரண்டாவது கேள்வி இன்னும் அடிப்படையானது. விகிதாசார முறை என்றால் என்ன? அட்டவணையில் இலங்கை ஒரே வரியாக இருந்தது. ஆனால் இலங்கையில் நாடு முழுவதையும் ஒரே தட்டில் வைத்து இடம் பிரிப்பதில்லை. மொத்தம் 225 இடங்களில் 196 இடங்கள் 22 தேர்தல் மாவட்டங்களில் தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. மீதி 29 தேசியப் பட்டியல். எனவே அந்த முறையின் குணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டின் மொத்தக் கணக்கை விட்டுவிட்டு ஒரு மாவட்டத்துக்குள் இறங்க வேண்டும்.

2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஆறு இடங்கள். மாவட்டத்தில் செல்லுபடியான வாக்கில் 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்கள் முதலிலேயே கணக்கிலிருந்து கழிக்கப்படுவார்கள். 4.7 சதவீதம் எடுத்த ஐக்கிய மக்கள் சக்தி அப்படித்தான் வெளியே போனது. மிஞ்சியவை ஆறு. தேசிய மக்கள் சக்தி சுமார் 80,800 வாக்கு, தமிழரசுக் கட்சி 63,300, தமிழ்க் காங்கிரஸ் 28,000, சுயேச்சைக் குழு 17 சுமார் 27,900, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,500, ஈபிடிபி 17,700.

முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு இடம் போனஸாகப் போகும். அது தேசிய மக்கள் சக்திக்கு. மிச்சம் ஐந்து. ஆறு பேரின் வாக்கையும் கூட்டினால் சுமார் 2,40,200. ஐந்தால் வகுத்தால் ஒரு இடத்தின் விலை ஏறத்தாழ 48,000 வாக்கு. அந்த விலையை முழுதாகக் கொடுக்க முடிந்தவர்கள் இருவர்தான். தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. இன்னும் மூன்று இடம் இருக்கிறது. அவை அதிக மீதி வைத்திருப்பவர்களுக்கு. தேசிய மக்கள் சக்தியின் மீதி 32,800. தமிழரசின் மீதி 15,300. மற்றவர்களுக்கு அவர்களுடைய முழு வாக்கே மீதி. ஆக, மூன்று இடங்களும் தேசிய மக்கள் சக்தி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு என்று போயின. 63,300 வாக்கு எடுத்த கட்சிக்கும் ஒரு இடம், 27,900 எடுத்த குழுவுக்கும் ஒரு இடம்.

முடிவு: மாவட்டத்தில் 25 சதவீத வாக்கு எடுத்த கட்சிக்கு ஆறில் மூன்று. பாதி இடங்கள். பிரிட்டனில் 34 சதவீதம் 63 ஆனதை அநியாயம் என்றால், இங்கே 25 சதவீதம் 50 ஆனதை என்னவென்று சொல்வது? இது மோசடி இல்லை, சட்டம் சொன்னபடி நடந்த எண்ணிக்கை. பெயர் விகிதாசாரம்தான். ஆனால் ஆறு இடமுள்ள மாவட்டத்தில், ஒன்றைப் போனஸாகக் கொடுத்துவிட்டு மிஞ்சும் ஐந்தில் விகிதம் தங்குவதற்கு இடமில்லை. பத்தொன்பது இடமுள்ள கம்பஹாவில் அதே சட்டம் வேறு முறைபோல நடந்துகொள்கிறது. அங்கே ஒரு போனஸ் பெரிதாக எதையும் அசைக்காது. ஆகவே ஒப்பிட வேண்டியது முறையின் பெயரை அல்ல. ஒரு மாவட்டத்தில் எத்தனை இடம், வெட்டுப்புள்ளி எவ்வளவு, மீதி யாருக்கு என்பவற்றை.

மூன்றாவது கேள்வி, இந்தியாவின் 2014 வாக்குகளை விகிதாசாரத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேச்சாளர் காட்டிய கணக்கைப் பற்றியது. முறை மாறினால் வாக்கும் மாறும். பிடித்த வேட்பாளர் வெல்ல மாட்டார் என்பதால் வேறொருவருக்குப் போடுகிறவர், வீணாகாது என்று தெரிந்தால் பிடித்தவருக்கே போடுவார். கட்சிகளும் கூட்டணி சேரும் கணக்கை மாற்றும். பழைய முறையில் விழுந்த வாக்கைப் புதிய முறையில் எண்ணுவது, கபடி ஆட்டத்தின் புள்ளிகளை வைத்து வாலிபால் வெற்றியைத் தீர்மானிப்பதுபோல.

அந்தக் கணக்கை ஓரளவு நியாயமாகப் போட முடிவது, சட்டம் மாறாமல் இடங்களின் எண்ணிக்கை மட்டும் மாறும்போதுதான். அப்படி ஒன்று யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. 2020இல் அந்த மாவட்டத்துக்கு ஏழு இடம், 2024இல் ஆறு. 2024இன் வாக்குகளை ஏழு இடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். போனஸ் போக ஆறு, ஒரு இடத்தின் விலை 40,000. தேசிய மக்கள் சக்தி மட்டுமட்டாக இரண்டு முறை அந்த விலையைக் கொடுத்துவிடுகிறது, போனஸோடு அதே மூன்று. தமிழரசுக்கு ஒன்று போக மீதி 23,300. கூட்டணியின் 22,500ஐ முந்தி அது இரண்டாவது இடத்தைப் பிடிக்கிறது. தமிழ்க் காங்கிரஸுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் மாற்றமில்லை. பறிபோன ஏழாவது இடம் தமிழரசுக் கட்சியுடையது.